பைசா பாக்கி இல்லை. ஆனாலும் பாங்கில் பெயர் இல்லை!
குற்றாலத்துப் பழவண்டி அம்மாள் போட்ட கடன் கணக்கு

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. மெயின் அருவிக்குப் போகிற சாலையில் ஈரத் துண்டோடு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு தள்ளுவண்டி. அதில் மங்குஸ்தான், ரம்புட்டான், பேரிக்காய். வண்டிக்குப் பின்னால் சுமார் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

"சீசன் எப்படி இருக்கிறது அக்கா?" என்று கேட்டோம்.

"சாரல் இருக்கும்வரை குறை இல்லை தம்பி. ஆனி, ஆடி, ஆவணி மூணு மாசம்தான் நமக்கு. அப்புறம் இந்த ரோட்டில் காக்கா கூட நிற்காது. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்ற வேண்டியதுதான்" என்றார் அவர்.

அவருக்கு ஓர் ஆசை உண்டு. தென்காசி பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு சின்னக் கடை பிடிக்க வேண்டும். சாரலை நம்பாமல் வருஷம் முழுவதும் பழ வியாபாரம் செய்ய வேண்டும். கடை அட்வான்சுக்கும் முதல் சரக்குக்கும் ஒரு லட்சம் ரூபாய் தேவை. அதைக் கேட்கத்தான் அவர் ஒரு பாங்குக்குப் போனார்.

மானேஜர் ஆதார் அட்டையையும் பான் அட்டையையும் வாங்கினார். கம்ப்யூட்டரைத் தட்டினார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டார்.

"அம்மா, நீங்கள் இதுவரை கடனே வாங்கியதில்லையா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! பதினைந்து வருஷமாக் கடனில்தான் வண்டி ஓடுது. தண்டல்காரர் தினம் வருவார். ஒரு நாள் தவறினது இல்லை. யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைத்தது இல்லை."

"அது உங்களுக்குத் தெரியும். தண்டல்காரருக்கும் தெரியும். இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லையே!" என்றார் மானேஜர்.

இந்த அம்மாளைப் போல் எத்தனையோ பேர் உண்டு. தையல்காரர், பூக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், முதல் வேலைக்குப் போன பிள்ளை என்று எல்லாரும் முதன்முதலாக பாங்குக்குப் போகும்போது இந்தப் பதிலைத்தான் கேட்கிறார்கள். இதற்கு வழி என்ன? அந்த அம்மாளின் கணக்கை வைத்தே பார்ப்போம்.

வெற்றுத் தாள்

பாங்குகளும், ரிசர்வ் பாங்கில் பதிவு பெற்ற நிதிக் கம்பெனிகளும் தாங்கள் யாருக்குக் கடன் கொடுத்தோம், அவர் எப்படிக் கட்டுகிறார் என்ற விவரத்தை எழுதி அனுப்ப வேண்டும். அதை வாங்கித் தொகுத்து வைப்பதற்கென்று நம் நாட்டில் நான்கு கம்பெனிகள் இருக்கின்றன. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்பவை அவை. 2005-ம் வருஷத்துச் சட்டத்தின்படி இவை நடக்கின்றன. முதலில் வந்தது சிபில். அதனால்தான் ஜனங்கள் எல்லாவற்றையும் 'சிபில்' என்றே சொல்கிறார்கள்.

ஒருவர் கட்டிய விதத்தைப் பார்த்து, 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். 750-க்கு மேல் இருந்தால் நல்ல மதிப்பெண் என்று பாங்குகள் பொதுவாகக் கருதுகின்றன.

ஆனால் கடன் விவரமே இல்லாதவருக்கு எப்படி மதிப்பெண் போடுவது? அவர் பெயருக்கு எதிரே "-1" என்றோ "NH" என்றோ வரும். பள்ளிக்கூடத்தில் பரீட்சையே எழுதாத பையனைப் போல. அவன் பெயில் ஆகவில்லை, பாஸும் ஆகவில்லை. "-1" என்பதைப் பார்த்து, 'நமக்குக் கெட்ட மார்க் வந்துவிட்டது' என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது கெட்ட மார்க் அல்ல. வெறும் வெற்றுத் தாள்.

இதில் ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். முதன்முதலாகக் கடன் கேட்பவரின் மனுவை, 'பழைய கடன் விவரம் இல்லை' என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் பாங்கு சொல்லியிருக்கிறது. அதே வருஷம் ஆகஸ்டு மாதம் நிதி அமைச்சகமும் பாராளுமன்றத்தில் இதை எடுத்துச் சொன்னது. ஆகவே 'சிபில் இல்லை, போய் வா' என்று ஒருவர் சொன்னால், இந்த விதியைச் சொல்லிக் கேட்கலாம்.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. கடன் கொடுத்தே தீர வேண்டும் என்று விதி சொல்லவில்லை. வருமானம் போதாது, காகிதம் சரியில்லை என்று சொல்லி மறுக்க பாங்குக்கு உரிமை இருக்கிறது. பழ வண்டிக்கு வருமானக் காகிதம் ஏது? ஆகவே விதியை மட்டும் நம்பிப் பயன் இல்லை. வெற்றுத் தாளில் நாமே எழுதத் தொடங்க வேண்டும்.

எழுதாத கடன்

தண்டல் கணக்கைப் பாருங்கள். பத்தாயிரம் கடன் என்பார்கள். கையில் கொடுப்பது 8,500 ரூபாய். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். நூறு நாளைக்கு வட்டி 1,500 ரூபாய்! அந்த அம்மாள் இப்படிப் பதினைந்து வருஷம் கட்டியிருக்கிறார். அந்த நாணயம் முழுவதும் தண்டல்காரரின் சின்ன நோட்டிலேயே நின்றுவிட்டது. எந்த பாங்கும் அந்த நோட்டைப் படிப்பதில்லை.

அடகுக் கடையும் இப்படித்தான். பத்துத் தடவை நகையை வைத்து, பத்துத் தடவை காலத்தில் மீட்டிருப்போம். அதுவும் எங்கும் ஏறுவதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினால், 'இது கடன் விவரத்தில் ஏறுமா?' என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெண்களுக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது. மனைவியின் நகையைக் கணவர் தம் பெயரில் பாங்கில் வைப்பார். வட்டியை மனைவி சிறுவாட்டுக் காசிலிருந்து கட்டுவார். மதிப்பெண் மட்டும் கணவர் பெயரில் ஏறும். கணவன் மனைவி என்றாலும் மதிப்பெண் தனித்தனிதான். ஆகவே நாளைக்கு யார் பெயரில் பெரிய கடன் வேண்டுமோ, இன்றைக்குச் சின்னக் கடனும் அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

முதலில் தாளைப் பாருங்கள்

கடன் கேட்கப் போகுமுன் நம்முடைய அறிக்கையை நாமே பார்த்துவிட வேண்டும். நான்கு கம்பெனிகளும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அந்தந்தக் கம்பெனியின் இணையதளத்தில் பெயர், பிறந்த தேதி, பான் எண், செல்போன் எண் கொடுத்தால் கிடைக்கும். பணம் கட்டச் சொல்லும் திட்டங்களும் அதே பக்கத்தில் இருக்கும். அதில் மாட்டிக்கொள்ளாமல், இலவச வருஷ அறிக்கையைத் தேடி எடுக்க வேண்டும். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் அதைச் செய்து தரும். நான்கையும் ஒரே நாளில் எடுத்துவிட வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால், வருஷம் முழுவதும் செலவில்லாமல் கவனித்துக்கொள்ளலாம்.

நாமே நம் அறிக்கையைப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஆனால் பாங்கில் மனுக் கொடுத்து, பாங்கு பார்த்தால் அது குறித்து வைக்கப்படும். ஒரே மாதத்தில் ஐந்து பாங்குகளில் மனுக் கொடுத்தால் ஐந்து குறிப்பு விழும். பார்ப்பவர், 'இவருக்கு ஏதோ பணமுடை' என்று நினைப்பார். முதலில் நேரில் போய் விசாரியுங்கள். கிடைக்கும் என்று தெரிந்த இடத்தில் மட்டும் மனுக் கொடுங்கள்.

வெற்றுத் தாள் என்று நாம் நினைப்பது வெற்றுத் தாளாக இல்லாமலும் இருக்கலாம். அடுத்த வண்டியில் சோளம் சுட்டு விற்கும் அம்மாளுக்கு அப்படித்தான் நேர்ந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களோடு சேர்ந்து அவர் முன்பு ஒரு குழுக் கடன் வாங்கியிருந்தார். வாராவாரம் கட்டி முடித்தும் விட்டார். ஆனால் அறிக்கையில், கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டியது. முடிந்த செய்தியைக் கடன் கொடுத்தவர்கள் எழுதி அனுப்பவில்லை!

இப்படிப் பிழை இருந்தால், அறிக்கை கொடுத்த கம்பெனிக்கும் கடன் கொடுத்தவருக்கும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளுக்குள் சரி செய்ய வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் நமக்கு ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கின் விதி. அப்படியும் நடக்காவிட்டால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் செலவில்லாமல் புகார் எழுதலாம். சோளக்கார அம்மாள் கடைசித் தவணை ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தார். அதனால் அவர் காரியம் சுலபமாக முடிந்தது.

பதினைந்தாயிரத்தில் தொடக்கம்

இனிப் பழவண்டி அம்மாளின் கதைக்கு வருவோம். மானேஜர் அவரைச் சும்மா அனுப்பவில்லை.

"ஒரு லட்சத்தை அப்புறம் பார்ப்போம் அம்மா. உங்களுக்கென்றே ஒரு கடன் இருக்கிறது. அதில் தொடங்குங்கள்" என்றார்.

அதுதான் தெருவோர வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதிக் கடன். 2020 ஜூன் மாதம், கொரோனா காலத்தில் தொடங்கிய திட்டம். அப்போது முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது. 2025 ஆகஸ்டில் அதை மாற்றி அமைத்தார்கள். இப்போது முதல் கடன் 15,000 ரூபாய் வரை. ஒழுங்காகக் கட்டி முடித்தால் இரண்டாவது கடன் 25,000 ரூபாய் வரை. அதையும் முடித்தால் மூன்றாவது 50,000 ரூபாய் வரை. ஜாமீனாக நகையோ நிலமோ வைக்க வேண்டியதில்லை. திட்டம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

தெருவோர வியாபாரி என்பதற்கு உள்ளூர் ஆட்சியின் சான்று வேண்டும். தென்காசியில் விற்பவர் நகராட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும். குற்றாலத்தில் விற்பவர் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும். வியாபாரி அடையாள அட்டை இல்லாதவர் சிபாரிசுக் கடிதம் கேட்டு மனுக் கொடுக்கலாம். ஆதாரோடு செல்போன் எண் இணைந்திருக்க வேண்டும். இது இல்லாமல்தான் பலர் பாதி வழியில் திரும்பி வருகிறார்கள்.

தெருவில் வியாபாரம் செய்யாதவர் என்ன செய்வது? அவர்களுக்கும் வழி உண்டு. ஒன்று, பாங்கில் சொந்தப் பெயரில் ஒரு சின்ன நகைக் கடன். அடகுக் கடைக்குப் போகிற அதே நகைதான்; ஆனால் இங்கே எழுதப்படுகிறது. வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனை விட, மாதத் தவணைக் கடனாக இருந்தால் நல்லது. கட்டிய விவரம் மாதா மாதம் தெரியும்.

மற்றொன்று, பாங்கில் போட்ட டெபாசிட்டின் பேரில் தரும் கிரெடிட் கார்டு. சம்பளச் சான்று இல்லாதவருக்கும் இது கிடைக்கும். பத்தாயிரம் டெபாசிட் போட்டால் சுமார் எட்டாயிரம் வரை செலவு செய்யலாம் என்று வைத்துக்கொள்வோம். எட்டாயிரத்தையும் தீர்த்துவிடக் கூடாது. மாதம் இரண்டாயிரத்துக்கு மளிகை வாங்கி, பில் வந்ததும் முழுவதையும் கட்டிவிட வேண்டும். பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று நூறு ரூபாய் அளவில் ஒன்று போட்டிருக்கும். அதை மட்டும் கட்டினால் போதும் என்று நினைத்தவர்கள்தான் கெட்டுப் போனவர்கள். மீதிப் பணத்துக்கு மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் வட்டி ஏறும்.

சீசனில் கட்டும் கணக்கு

பழவண்டி அம்மாளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"சார், எனக்கு மூணு மாசம்தான் வரவு. நீங்க பன்னிரண்டு மாசம் கட்டச் சொல்றீங்களே?"

இதுதான் குற்றாலத்துக் கடன்காரர்களின் உண்மையான கஷ்டம். அருவியில் தண்ணீர் விழும்போது கடனைக் கட்டுவது பெரிய காரியம் அல்ல. மதிப்பெண் கெடுவது மாசியிலும் பங்குனியிலும்தான். தவணைத் தேதிக்குச் சாரல் தெரியாது.

மானேஜர் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். வருஷ வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். 15,000 ரூபாய்க் கடனைப் பன்னிரண்டு தவணையில் கட்ட, மாதம் 1,333 ரூபாய். வருஷத்துக்கு மொத்தம் 15,996 ரூபாய். அதாவது ஒரு வருஷத்துக்கு வட்டி 996 ரூபாய். தண்டலில் நூறு நாளைக்கே 1,500 ரூபாய் போனதை நினைத்துப் பாருங்கள்.

"சீசன் எத்தனை நாள்?" என்று கேட்டார் மானேஜர்.

"சுமார் தொண்ணூறு நாள் சார்."

"தினம் 180 ரூபாய் எடுத்து வைக்க முடியுமா?"

"தண்டலுக்கு நூறு, சமயத்தில் இருநூறு கொடுக்கிறேனே! ஏன் முடியாது?"

"அப்படியானால் உங்கள் கடன் சீசனிலேயே முடிந்தது" என்றார் மானேஜர்.

180-ஐத் தொண்ணூறால் பெருக்கினால் 16,200 ரூபாய். வருஷத் தவணை முழுவதும் அதில் அடங்கிவிட்டது. இதை வீட்டு உண்டியலில் வைத்தால் தீபாவளிக்குக் கரைந்துவிடும். தவணை பிடிக்கும் சேமிப்புக் கணக்கிலேயே வாரம் ஒரு தடவை போட்டுவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு மாதமும் 1,333 ரூபாயை பாங்கு தானாக எடுத்துக்கொள்ளும். பங்குனியில் வண்டி சும்மா நின்றாலும் தவணை நிற்காது.

சேமிப்புக் கணக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதே கணக்கில் மற்றச் செலவும் நடந்தால், தவணை நாளில் பத்து ரூபாய் குறைந்தாலும் தவணை திரும்பிவிடும். அபராதம் விழும்; அறிக்கையிலும் தாமதம் ஏறும். ஆகவே தவணைக்கென்று ஒரு கணக்கைத் தனியாக வைப்பது நல்லது. அந்தக் கணக்கின் பண அட்டையைப் பெட்டியில் பூட்டி வையுங்கள்.

"மொத்தப் பணமும் சீசன் முடிவில் கையில் இருக்குமே சார். ஒரேயடியாகக் கட்டி முடித்தால் என்ன?" என்று அம்மாள் கேட்டார். நல்ல கேள்வி.

கட்டலாம். தடை இல்லை. நான்கு தவணை கட்டியபின் மீதியை ஒரேயடியாகக் கட்டினால் சுமார் 460 ரூபாய் வட்டி மிச்சம். ஆனால் தாளில் நான்கு மாத விவரம்தான் ஏறும். மதிப்பெண் போடுவதற்கே பொதுவாக ஆறு மாத விவரமாவது வேண்டும். பன்னிரண்டு மாதம் நிதானமாகக் கட்டினால், பன்னிரண்டு மாதமும் அவருடைய நாணயத்துக்குச் சாட்சி சொல்லும். இந்தச் சாட்சிக்கு விலை 460 ரூபாய். தென்காசிக் கடையை மனத்தில் வைத்திருக்கிற அந்த அம்மாள், மாதாமாதம் கட்டுவதையே தேர்ந்துகொண்டார்.

நாள் தவறினால்

முன்பெல்லாம் பாங்குகள் மாதம் ஒரு தடவை விவரம் அனுப்பின. ஐந்தாம் தேதி கட்ட வேண்டியதைப் பன்னிரண்டாம் தேதி கட்டினால், வெளியே தெரியாமலே போய்விடுவது உண்டு. 2025 ஜனவரி முதல் குறைந்தது பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அனுப்ப வேண்டும் என்று ஆகிவிட்டது. இப்போது சில நாள் தாமதமும் கண்ணில் பட்டுவிடலாம்.

அறிக்கையில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சிறு கட்டம் இருக்கும். நாள் தவறாமல் கட்டியிருந்தால் அதில் "000" என்றோ "STD" என்றோ இருக்கும். முப்பது நாள் தாமதம் என்றால் "030" என்று இருக்கும். படிப்பு அதிகம் இல்லாதவரும் இதைப் பார்த்துக்கொள்ளலாம். மூன்று பூஜ்யம் இருந்தால் நல்லது. வேறு எண் இருந்தால் விசாரிக்க வேண்டும்.

சீசனே பொய்த்துவிட்டால்? சில வருஷம் சாரல் ஏமாற்றும். சில சமயம் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போடுவார்கள். கூட்டம் வராது. அப்போது தவணைத் தேதிக்கு முன்பே பாங்குக்குப் போய் நிலைமையைச் சொல்ல வேண்டும். தேதி கடந்தபின் சொல்வதற்கும் முன்பே சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. ஒரு தவணையைக் கட்ட இன்னொரு இடத்தில் கடன் வாங்குவது மட்டும் கூடாது. முக்கியமாக, செல்போனில் ஐந்து நிமிஷத்தில் கடன் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போகுமுன், அது ரிசர்வ் பாங்கில் பதிவு பெற்ற கம்பெனியின் கடன்தானா என்று பாருங்கள்.

கடன் முடியும்போது இரண்டு வார்த்தைகளைக் கவனிக்க வேண்டும். முழுவதும் கட்டி முடித்தால் அறிக்கையில் "Closed" என்று வரும். அதுதான் நல்லது. 'பாதி கட்டு, மீதியைத் தள்ளிவிடுகிறோம்' என்று பேரம் பேசி முடித்தால் "Settled" என்று வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பார்க்கிற பாங்குக்கு, 'இவர் முழுவதும் கட்டவில்லை' என்று அர்த்தம். அந்தச் சொல் வருஷக் கணக்கில் கூடவே வரும். கடன் முடிந்ததும் பாக்கி இல்லை என்ற சான்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து அறிக்கையை எடுத்து, "Closed" என்று ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

'பணம் கொடுங்கள், சிபிலை ஏற்றித் தருகிறோம்' என்று சொல்லும் ஆசாமிகளும் இருக்கிறார்கள். உண்மையாக எழுதப்பட்ட விவரத்தை யாராலும் அழிக்க முடியாது. பிழையாக எழுதப்பட்டதை நாமே செலவில்லாமல் திருத்தலாம். இரண்டுக்கும் ஆள் தேவையில்லை.

ஏணியின் படிகள்

இந்த வழியில் போனால் பழவண்டி அம்மாளின் ஒரு லட்சம் எப்போது வரும்? அவசரப்படுகிறவருக்கு இந்தப் பதில் பிடிக்காது. முதல் கடனுக்குப் பன்னிரண்டு மாதம் ஆகும். ஆறு மாதத்துக்குப் பிறகு "-1" போய், ஒரு மதிப்பெண் வரலாம். முதல் கடன் முடிந்ததும் இரண்டாவதாக 25,000 ரூபாய். அதைக் கட்டிக்கொண்டிருக்கும்போதோ, முடித்தபிறகோ, சிறு தொழிலுக்கான முத்ராக் கடனைக் கேட்டுப் பார்க்கலாம். அப்போது மானேஜரின் கம்ப்யூட்டரில் வெற்றுத் தாள் இருக்காது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட மூன்று பூஜ்யங்கள் வரிசையாக நிற்கும். இரண்டாவது கடனையும் முடித்தவருக்கு ரூபே கிரெடிட் கார்டும் உண்டு என்கிறது திட்டம். கார்டுக்கு மேலே சொன்ன எச்சரிக்கைதான்.

மதிப்பெண் மட்டும் கடன் வாங்கித் தந்துவிடாது. வரவு என்ன, செலவு என்ன என்று பாங்கு கேட்கும். அதற்காக அந்த அம்மாள் இன்னொரு காரியமும் செய்யத் தொடங்கியிருக்கிறார். வண்டியில் செல்போனில் பணம் வாங்கும் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார். பழம் வாங்குகிறவர்கள் கொடுக்கும் பணம் பாங்குக் கணக்கில் ஏறுகிறது. சீசனில் என்ன விற்றது என்பதற்கு அதுவே காகிதம்.

நாங்கள் விடைபெறும் நேரத்தில் மழை பலத்தது. அம்மாள் வண்டியின் மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடினார். அன்றைய 180 ரூபாயை எண்ணி, சுருக்குப் பையின் உள் அறையில் தனியாகச் செருகினார்.

"தண்டல்காரருக்கு என்ன பதில் அக்கா?" என்று கேட்டோம்.

"பாக்கி இருபது நாள் இருக்கு தம்பி. அதைக் கட்டி முடிச்சுடுவேன். அவர் நோட்டில் எழுதினாலும் சரி, கம்ப்யூட்டரில் எழுதினாலும் சரி, கடன் கடன்தானே!" என்றார் அவர்.

வருகிற வெள்ளிக்கிழமை அவர் தென்காசி பாங்குக்குப் போகிறார். வாரப் பணத்தைக் கணக்கில் போட வேண்டும். முதல் தவணைக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.